யூ.டி.எஸ். பட்டியலும் அப்ரூவல் நகலும்: மதுரையில் ஃபிளாட் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

அய்யர் பங்களா பக்கம் ஃபிளாட் வாங்கப் போன என் சித்தப்பா மகனுக்குத் துணையாக மூன்று மாதம் அலைந்தேன். அதற்குப் பிறகு சொந்தக்காரர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும், யூ.டி.எஸ். எனப்படும் நிலப் பாகத்தைப் பற்றியும் அனுமதி நகல்களைப் பற்றியுமே என்னிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். தம்பியின் கணக்கைத்தான் உதாரணமாக எடுத்திருக்கிறேன். பில்டர் பெயர் இங்கே தேவையில்லை.

"யூ.டி.எஸ். எவ்வளவுன்னு பில்டரே சொல்லிட்டார், பத்திரத்திலயும் வரும். அப்புறம் தனியா பட்டியல் எதுக்கு?"

உங்கள் ஒரு வீட்டுக்கான எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அது சரியா தப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. 520 சதுர அடி என்று சொன்னால், எத்தனை சதுர அடி நிலத்தில் 520, மற்ற வீடுகளுக்கு எவ்வளவு போனது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். யூ.டி.எஸ். என்பது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்களுக்குள்ள பிரிபடாத பாகம். மொத்த நிலத்தையும் எல்லா வீட்டுக்காரர்களும் பங்கு போட்டுக்கொண்ட பிறகு மிச்சம் பூஜ்யமாக இருக்க வேண்டும். இருக்கிறதா என்பதை முழுப் பட்டியல்தான் காட்டும்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு வீட்டின் எண், தளம், பரப்பு, அதற்கான யூ.டி.எஸ்., கடைசியில் கூட்டுத்தொகை இருக்க வேண்டும். நில உரிமையாளரும் பில்டரும் கூட்டாகக் கட்டும் திட்டம் என்றால், உரிமையாளர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் வீடுகளும் அதில் வர வேண்டும். மதுரையில் பல கட்டடங்கள் உரிமையாளரிடம் பவர் வாங்கிக் கட்டுபவைதான். "ஓனர் ஷேர் தனி, அது இதுல வராது" என்றால் பட்டியல் முழுமையில்லை.

"எப்படிக் கணக்குப் போடறது? எனக்குக் கணக்கே வராது."

ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும்தான்.

யூ.டி.எஸ். = மொத்த நிலம் × உங்கள் வீட்டுப் பரப்பு ÷ எல்லா வீடுகளின் மொத்தப் பரப்பு

தம்பி பார்த்த இடம் 15 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆகவே 6,534 சதுர அடி. கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று தளம், தளத்துக்கு நான்கு வீடு, மொத்தம் 12. அதில் ஆறு வீடு 1,150 சதுர அடி, ஆறு வீடு 950 சதுர அடி. எல்லாம் சேர்த்தால் 12,600. தம்பியுடையது 1,150 சதுர அடி வீடு. 6,534-ஐ 1,150-ஆல் பெருக்கி 12,600-ஆல் வகுத்தால் 596 சதுர அடி வருகிறது. 950 சதுர அடி வீட்டுக்கு ஏறக்குறைய 493. பன்னிரண்டையும் கூட்டினால் 6,534 சரியாக நிற்கும்.

பில்டர் கொடுத்த வரைவுப் பத்திரத்தில் தம்பிக்கு இருந்தது 520.

முதலில் தட்டச்சுப் பிழை என்றுதான் நினைத்தோம். பிறகு கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 1,150 சதுர அடி வீட்டுக்கு 520 வர வேண்டுமானால், மொத்தப் பரப்பு எவ்வளவாக இருக்க வேண்டும்? 6,534 × 1,150 ÷ 520 = 14,450. எங்களுக்குத் தெரிந்த 12,600-ஐவிட 1,850 சதுர அடி கூடுதல். ஒவ்வொன்றும் 925 சதுர அடியில் இரண்டு வீடு. மொட்டை மாடியில் இரண்டு வீடு கட்டும் எண்ணத்தில்தான் வகுத்திருக்கிறார்கள் என்பது அங்கே பிடிபட்டது. சந்தேகம் வந்தால் நீங்களும் இப்படித் திருப்பிப் போட்டுப் பாருங்கள். யார் வாயையும் பிடுங்காமல், எத்தனை சதுர அடி கணக்கில் இல்லாமல் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும்.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். மேலே போடும் பரப்பும் கீழே போடும் பரப்பும் ஒரே வகையாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்குச் சுவர்களுக்குள் புழங்கும் கார்ப்பெட் ஏரியாவையும், மொத்தத்துக்குப் பொது இடம் சேர்த்த சூப்பர் பில்ட்-அப் பரப்பையும் போட்டால் பாகம் சுருங்கிவிடும். தம்பி வீட்டின் கார்ப்பெட் ஏரியா 850 என்று வைத்துக்கொண்டால், 6,534 × 850 ÷ 12,600 என்று போட்டு 441 என்று காட்டிவிடலாம். பார்க்க ஒழுங்கான கணக்கு மாதிரியே இருக்கும். எது வேண்டுமானாலும் எடுங்கள், எல்லா வீட்டுக்கும் அதையே எடுங்கள்.

"வீடு அதே 1,150 சதுர அடிதானே? நிலத்தில் 70, 80 அடி குறைஞ்சா என்ன ஆகிடும்?"

வீட்டின் மதிப்பு வருடத்துக்கு வருடம் தேயும், நிலத்தின் மதிப்புதான் நிற்கும். முப்பது, நாற்பது வருடம் கழித்து கட்டடத்தை இடித்துக் கட்டும்போதோ, அரசு சாலைக்கு இடம் எடுத்து இழப்பீடு கொடுக்கும்போதோ, உங்கள் பத்திரத்தில் உள்ள பாகத்தை வைத்துத்தான் பேச்சு நடக்கும்.

அதைவிட உடனடியான ஆபத்து ஒன்று உண்டு. தம்பி கட்டடத்தில் 12 வீட்டுக்கும் பில்டர் சொன்னபடியே பாகம் எழுதினால் சுமார் 5,697 சதுர அடிதான் விற்றதாகும். மீதி 836 சதுர அடி, கிட்டத்தட்ட இரண்டு சென்ட், பழைய உரிமையாளர் பெயரிலேயே நிற்கும். அந்த இரண்டு சென்ட்டைக் காட்டி மாடியில் வீடு கட்டி விற்கலாம். அப்போது நீங்கள் எதிர்த்தால், "எங்களுக்கும் இங்கே பாகம் இருக்கிறது" என்று சொல்ல அவர்களிடம் ஒரு பத்திரம் இருக்கும். குறைந்த எழுபத்தாறு அடி போனது போகட்டும் என்று நினைக்கிறவர்கள் இந்த மிச்சத்தைத்தான் கவனிப்பதில்லை.

முன்பெல்லாம் யூ.டி.எஸ்.-க்கு ஒரு கிரையப் பத்திரம், கட்டடத்துக்கு ஒரு கட்டுமான ஒப்பந்தம் என்று பிரித்து எழுதுவார்கள். அதனால் பாகம் குறைந்தால் முத்திரைச் செலவும் குறைகிறதே என்று வாங்குகிறவர்களே ஒத்துக்கொண்டதுண்டு. 2023 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் புது ஃபிளாட்டுகளை நிலப் பாகத்தையும் கட்டடத்தையும் சேர்த்த கூட்டு மதிப்பில் பதிவு செய்யும் முறை வந்துவிட்டது. பாகத்தைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்கும் அந்தப் பழைய காரணம் இப்போது எடுபடாது. யாராவது அதைச் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்தினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

"அப்ரூவ்டு லேஅவுட் காப்பி கேட்டேன், பில்டிங் பிளானைக் காட்டினாங்க. ரெண்டும் ஒண்ணுதானா?"

இரண்டும் வேறு. ஒரு பெரிய நிலத்தைச் சாலை, பூங்கா, மனைகள் என்று பிரித்து வாங்கும் அனுமதி மனைப்பிரிவு அனுமதி. அதன் வரைபடம்தான் லேஅவுட். அந்த மனைகளில் ஒன்றின் மேல் கட்டடம் கட்ட வாங்கும் அனுமதி கட்டட வரைபட அனுமதி. உங்கள் கட்டடம் ஒரு மனைப்பிரிவுக்குள் இருந்தால் இரண்டு நகலும் வேண்டும். ஊருக்குள்ளே பழைய வீட்டை இடித்துக் கட்டிய இடமாக இருந்தால் லேஅவுட் இருக்காது; கட்டட வரைபடமும், அந்த நிலத்தின் மூலப் பத்திரமும், நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் போதும்.

யார் அனுமதி கொடுத்தது என்பதையும் பாருங்கள். மதுரையில் இடத்தையும் அளவையும் பொறுத்து மாநகராட்சி, உள்ளூர் திட்டக் குழுமம், நகர் ஊரமைப்பு இயக்ககம் என்று மாறும். மனைப்பிரிவில் தொழில்நுட்ப ஒப்புதல் ஓரிடத்திலும், இறுதி ஒப்புதல் உள்ளாட்சி அமைப்பிலுமாக வரும். நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. தந்த எண்ணை மட்டும் காட்டினால், உள்ளாட்சியின் இறுதி ஆணையையும் கேளுங்கள்.

"ஊமச்சிகுளம் பக்கம் ஒரு இடம். பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்கறாங்க, போதுமா?"

போதாது. ஊராட்சித் தலைவர் தன்னிச்சையாக மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்க முடியாது. நகர் ஊரமைப்பின் ஒப்புதல் வேண்டும். 20.10.2016-க்கு முன் விற்ற அனுமதியில்லா மனைகளுக்கு வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தது. அந்த வகை என்றால் வரன்முறை ஆணையின் நகலைக் கேளுங்கள், "பஞ்சாயத்து" என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

"நகல் கையில வந்துருச்சு. ப்ளூபிரிண்ட் பார்த்தா தலை சுத்துது. எதைப் பார்க்கணும்?"

கோடுகளை விடுங்கள், ஓரத்தில் உள்ள கட்டங்களில் எழுதியிருப்பதைப் படியுங்கள். மூன்று எண் போதும்.

முதலாவது, மனையின் பரப்பு. வரைபடம் சதுர மீட்டரில் பேசும், 10.764-ஆல் பெருக்கினால் சதுர அடி. தம்பி இடத்தில் 607 சதுர மீட்டர் என்று இருந்தது, 15 சென்ட்டோடு பொருந்தியது. பல இடங்களில் பொருந்தாது. சாலையை அகலப்படுத்தவோ பூங்காவுக்கோ ஒரு துண்டைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்திருப்பார்கள். பில்டர் மூலப் பத்திரத்தில் உள்ள பழைய அளவை வைத்தே யூ.டி.எஸ். பிரித்திருப்பார். தானமாகப் போன நிலத்தில் உங்களுக்குப் பாகம் எழுதி என்ன பயன்? தானம் போக மிஞ்சிய நிலத்தில்தான் பங்கு. மூலப் பத்திரம், பட்டா, வரைபடம் மூன்றிலும் உள்ள அளவில் எது குறைவோ, அது ஏன் குறைவு என்று கேளுங்கள்.

இரண்டாவது, தளங்களும் வீடுகளும். வரைபடத்தில் எத்தனை குடியிருப்பு என்று எண்ணிப் பாருங்கள். யூ.டி.எஸ். பட்டியலிலும் அதே எண்ணிக்கை இருக்க வேண்டும். தம்பி விஷயத்தில் வரைபடத்தில் 12 தான். பட்டியலின் கணக்கு 14 வீட்டுக்கானது. ஒரு காகிதத்தை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது. அதனால்தான் இரண்டையும் ஒரே நாளில் கேளுங்கள் என்கிறேன்.

மூன்றாவது, எஃப்.எஸ்.ஐ. என்கிற தளப்பரப்புக் குறியீடு. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி சாதாரண அடுக்குமாடிக்கு அடிப்படை அளவு 2, அதாவது நிலத்தைப் போல இரண்டு மடங்கு தளப்பரப்பு. 12,600-ஐ 6,534-ஆல் வகுத்தால் 1.93, உள்ளே இருக்கிறது. 14,450-ஐ வகுத்தால் 2.21. விற்பனைப் பரப்பும் எஃப்.எஸ்.ஐ. பரப்பும் முழுக்க ஒன்றல்ல, ஆனாலும் மேலே இரண்டு வீட்டுக்கு இடமில்லை என்பதைத் தோராயமாகப் புரிந்துகொள்ள இது போதும். சாலை அகலத்தைப் பொறுத்துப் பணம் கட்டிக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்க வழி உண்டு. வாங்கியிருந்தால் அனுமதி ஆணையிலேயே எழுதியிருக்கும்.

மாசி வீதி, வெளி வீதி, சிம்மக்கல் பக்கம் வாங்குகிறவர்கள் உயரத்தையும் பாருங்கள். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கட்டட உயரம் 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. அங்கே நான்காவது மாடி ஃபிளாட் யாராவது விற்றால், அந்த மாடி வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

லேஅவுட் நகலில் ஒன்றே ஒன்றைப் பாருங்கள்: உங்கள் மனை எண்ணுள்ள கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது. பூங்கா, பொது உபயோகம், பள்ளிக்கு ஒதுக்கிய இடம் என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

"எப்போ கேட்கணும்? எப்படிக் கேட்டா கொடுப்பாங்க?"

முன்பணம் கொடுக்கும் முன்னால். டோக்கன் போன பிறகு கேட்டால் உங்கள் பேச்சுக்கு எடை பாதியாகிவிடும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக்கான ரேரா சட்டம் 2016-இன் 13-ஆம் பிரிவுப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. அதனால் பெரிய தொகை போவதற்குள் காகிதங்களைப் பார்க்க உங்களுக்கு நேரம் இருக்கிறது.

வாயால் கேட்டால் "தரேன் சார், ஃபைல்ல இருக்கு" என்று தள்ளிப்போடுவார்கள். ஒரு கடிதமோ மின்னஞ்சலோ அனுப்புங்கள். நாங்கள் எழுதியது இவ்வளவுதான்:

"தங்கள் திட்டத்தில் முதல் தளத்தில் உள்ள வீட்டை வாங்க விரும்புகிறேன். ஒப்பந்தம் எழுதும் முன் கீழ்க்கண்ட நகல்களைத் தரவும். (1) நில உரிமையாளர் பங்கு உட்பட அனைத்து வீடுகளின் பரப்பும் யூ.டி.எஸ்.-உம் கூட்டுத்தொகையோடு கையொப்பமிட்ட பட்டியல். (2) அனுமதி ஆணையும், முத்திரையிட்ட கட்டட வரைபடத்தின் எல்லாத் தாள்களும். (3) மனைப்பிரிவு அனுமதி எண்ணும் வரைபடமும். (4) சாலை, பூங்காவுக்குத் தானப் பத்திரம் எழுதியிருந்தால் அதன் நகல். ரேரா சட்டப் பிரிவுகள் 11(3), 19(1)-இன்படி இவற்றைக் கேட்கிறேன்."

வீட்டை முன்பதிவு செய்யும் நேரத்தில் அனுமதி பெற்ற வரைபடங்களையும் லேஅவுட்டையும் வாங்குபவர் பார்க்கக் கொடுக்க வேண்டியது பில்டரின் கடமை என்று 11(3) சொல்கிறது. அவற்றைப் பெறும் உரிமையை 19(1) தருகிறது. பிரிவு எண் போட்ட கடிதத்துக்குப் பதில் சீக்கிரம் வரும். எங்களுக்கு நான்காம் நாள் வந்தது.

"ஆபீசுக்கு வந்து பார்த்துக்கங்க, நகலெல்லாம் தர மாட்டோம்னு சொல்றாங்க."

போய்ப் பாருங்கள், அனுமதி எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். எண் கிடைத்துவிட்டால் அவர்கள் தயவு வேண்டியதில்லை.

ரேராவில் பதிவான திட்டம் என்றால் `rera.tn.gov.in` தளத்தில் பதிவு எண்ணைத் தேடினால் திட்ட விவரங்களும் அனுமதிகளும் கிடைக்கும். அங்கே உள்ள வீடுகளின் எண்ணிக்கையை உங்களிடம் சொன்னதோடு ஒப்பிடுங்கள். அதற்கும் மேல் வேண்டுமானால், அனுமதி கொடுத்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். நகல் தரத் தயங்கினால், கோப்பை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள், அதுவும் அதே சட்டம் தரும் உரிமைதான்.

யூ.டி.எஸ். பட்டியலைத் தரவே மறுத்தால், வில்லங்கச் சான்று கைகொடுக்கும். `tnreginet.gov.in` தளத்தில் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பாருங்கள். அதே கட்டடத்தில் ஏற்கெனவே விற்ற வீடுகளின் பத்திரங்கள் ஒவ்வொன்றாக வரும், எழுதிக் கொடுத்த பாகத்தின் அளவோடு. ஒரு தாளில் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஏழு வீடு விற்றிருந்தால் ஏழின் பாகமும் தெரியும், மீதி ஐந்துக்கு எவ்வளவு நிலம் பாக்கி என்றும் தெரியும். கடைசியாக வாங்குகிறவருக்குத்தான் இந்தக் கணக்கு மிக முக்கியம்: முன்னால் வாங்கியவர்களுக்குக் கூடுதலாக எழுதிக்கொடுத்திருந்தால், துண்டு விழுவது கடைசி வீட்டில்தான்.

"ஆறு வீடுதான், சின்ன பில்டிங். ரேராவே வராதுங்கறாங்க."

நிலம் 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ, வீடுகள் எட்டுக்குள் இருந்தாலோ ரேரா பதிவு கட்டாயமில்லை. திருப்பாலை, கே.கே.நகர் பக்கம் நிறையக் கட்டடம் இந்த வகை. ரேரா தளத்தில் பார்க்கும் வசதிதான் போகிறது. கட்டட அனுமதி இதற்கும் வேண்டும், யூ.டி.எஸ். கணக்கும் இதற்கும் அதேதான். கடிதத்தில் பிரிவு எண்ணை எடுத்துவிட்டு மற்றதை அப்படியே அனுப்புங்கள். வில்லங்கமும் தகவல் உரிமையும் எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தும்.

"பேங்க்லயே லீகல் பார்த்து லோன் கொடுத்துட்டாங்களே?"

வங்கி வக்கீல் பார்ப்பது பெரும்பாலும், கடனுக்கு ஈடாக வரும் சொத்தின் உரிமை தெளிவாக இருக்கிறதா என்பதை. உங்கள் பாகம் 520-ஆ 596-ஆ என்று அவர் பன்னிரண்டு வீட்டையும் கூட்டிப் பார்க்க மாட்டார். 520-க்குத் தெளிவான உரிமை இருந்தால் அவர் வேலை முடிந்தது.

"பத்திரம் முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. இப்பத்தான் குறைச்சல்னு தெரியுது."

முதலில் வில்லங்கம் போட்டு, விற்காத பாகம் இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் வழி இருக்கிறது: எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து, மிச்சப் பாகத்தை அவரவர் பரப்புக்கேற்ப எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். எழுத்துப் பிழை என்றால் பிழைத்திருத்தப் பத்திரம், அதற்கு மேல் என்றால் தனிக் கிரையம். எது பொருந்தும் என்பதை ஒரு வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒருவர் மட்டும் போனால் பில்டர் அவருக்கு மட்டும் ஏதாவது செய்து வாயை அடைத்துவிடுவார், மற்றவர்கள் கணக்கு இன்னும் கெடும். ஒத்துவராவிட்டால், பதிவான திட்டத்துக்கு ரேராவில் படிவம் எம்-இல் புகார் கொடுக்கலாம்.

மாடியில் வேலை தொடங்கிவிட்டால் தாமதிக்காதீர்கள். அனுமதி பெற்ற வரைபடத்தைத் தாண்டிக் கட்ட, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும் என்று ரேராவின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. பத்திரத்தின் நடுவில் "எதிர்காலக் கட்டுமானத்துக்கு ஆட்சேபணை இல்லை" என்ற வரியில் உங்களிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்கியிருக்கிறார்களா என்று எடுத்துப் பாருங்கள். தம்பியின் வரைவில் அந்த வரி பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது.

"உங்க தம்பி விஷயம் கடைசியில என்ன ஆச்சு?"

கணக்குத் தாளை மேசையில் வைத்தோம். அலுவலக மேனேஜர் முதலில், "அதெல்லாம் ரவுண்டிங் அண்ணே" என்றார். 836 சதுர அடி எப்படி ரவுண்டிங் ஆகும் என்று தம்பி கேட்டதும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார். மாடியில் வீடு கட்டும் யோசனை இருந்ததாகவும், அனுமதி வாங்கவில்லை என்றும் அப்புறம்தான் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்துப் புதுப் பட்டியல் வந்தது, பன்னிரண்டு வீடு, கூட்டுத்தொகை 6,534. பதினொன்றாம் பக்கத்து வரியும் போனது. பதிவு அன்று தம்பி பத்திரத்தில் 596 என்று இருப்பதை எண்ணிலும் எழுத்திலும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். அதற்கு முன் வாங்கியிருந்த மூன்று வீட்டுக்காரர்களிடம் பழைய எண்ணோடு பத்திரம் இருந்தது. அவர்களுக்கும் கணக்குத் தாளின் நகல் கொடுத்தோம், அவர்களுடைய பேச்சு இன்னும் நடக்கிறது.